23 சதவீதத்தில் தப்பு எத்தனை?

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், அதன் சொற்களில் எத்தனை சதவீதம் வேறு எழுத்துகளோடு ஒத்துப்போகின்றன என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை அறிக்கையை எடுத்துத் தருவது பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகத்தின் வேலை. அந்த மேசையில் நான் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். கோப்பை ஏற்றி அறிக்கை வந்ததும் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றேதான்: “எத்தனை சார் வந்திருக்கு?” பத்துக்குள் என்றால் முகம் மலரும். இருபதைத் தாண்டினால் வெளிறிவிடும். அறிக்கையின் உள்ளே நூறு பக்கத்துக்கு நிறம் நிறமாகக் கிடப்பதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. வழிகாட்டிகளில் பலரும் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

அந்த எண் எப்படி வருகிறது என்பது எளிய கணக்கு. மென்பொருளிடம் ஒரு கிடங்கு இருக்கிறது: இணையப் பக்கங்கள், ஆய்விதழ்க் கட்டுரைகள், ஏற்கெனவே ஏற்றப்பட்ட ஆய்வேடுகள். நம் கோப்பில் உள்ள சொற்கள் அதே வரிசையில் கிடங்கில் எங்காவது இருந்தால் அந்த இடத்துக்கு நிறம் பூசுகிறது. நிறம் பூசப்பட்ட சொற்களின் எண்ணிக்கையை மொத்தச் சொற்களால் வகுத்தால் சதவீதம். அவ்வளவே. எடுத்தவர் பெயர் சொல்லி எடுத்தாரா, சொல்லாமல் எடுத்தாரா என்பது அந்த வகுத்தலில் இல்லை. கிடங்கு மாறினால் எண்ணும் மாறும். இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இத்தகைய மென்பொருளைத் தரும் ஷோத்சுத்தி திட்டத்தின் வழியாக 2019இல் முதலில் உர்குண்ட் வந்தது, பின்னர் ட்ரில்பிட் வந்தது, சில இடங்களில் டர்னிட்டின் இருக்கிறது. ஒரே கோப்பை இரண்டில் ஏற்றினால் இரண்டு எண் வரும். அதில் எது சரி என்று கேட்பதில் பொருளில்லை. இரண்டும் தத்தம் கிடங்கைப் பற்றிய சரியான எண்கள்தாம்.

ஆனால் விதி அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பயம் வருவதில் வியப்பில்லை. அதே விதிகள், எதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கின்றன: முறையாகப் பெயர் சொல்லி மேற்கோளாகத் தந்தவை, துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை, பொதுச் சொற்கள், சட்டங்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள், தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போகும் இடங்கள். ஆக விதி கேட்கும் எண் இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது. திரையில் முதலில் பளிச்சென்று தெரிவது கழிக்காத எண்.

ஒரு ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். ஆளை அடையாளம் காட்டாதபடி சில விவரங்களை மாற்றி, எண்களை முழுமையாக்கித் தருகிறேன். ஒரு கடலோர மாவட்டத்தின் நிலத்தடி நீர்த்தரம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஏடு. மொத்தம் 40,000 சொற்கள். அறிக்கை 23 சதவீதம் என்றது, அதாவது 9,200 சொற்களுக்கு நிறம் பூசியிருந்தது. அதை எழுதிய அம்மா மேசைக்கு முன் நின்றபடியே, “சார், எல்லாத்துக்கும் பேர் போட்டிருக்கேனே, எப்படி சார் இவ்வளவு?” என்றார். “உக்காருங்கம்மா, எங்கெங்கேன்னு பார்ப்போம்” என்றேன். எந்தப் பக்கங்களில் நிறம் விழுந்திருக்கிறது என்று இருவருமாகப் பிரித்துக் குறித்தோம்.

துணைநூற்பட்டியலில் மட்டும் 2,000 சொற்கள், அதாவது 5 சதவீதம். பட்டியலை விலக்கும் வடிகட்டியைப் போட்டும் அது போகவில்லை. காரணம் சிறியது. வழக்கமான தலைப்புக்குப் பதிலாக அவர் வேறொரு அலங்காரமான தலைப்பு வைத்திருந்தார். பட்டியல் எங்கே தொடங்குகிறது என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. தலைப்பை மாற்றியதும் தெரிந்துகொண்டது. முகப்புச் சான்றிதழ், உறுதிமொழிப் பக்கங்களில் 400 சொற்கள். “வேறு எந்தப் பட்டத்துக்காகவும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சமர்ப்பிக்கப்படவில்லை” என்ற வாசகம் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு ஏட்டிலும் ஒரு சொல் மாறாமல் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஏடு முழுக்கச் சிதறிக் கிடந்த ஐந்து சொல், எட்டுச் சொல் துண்டுகள் எல்லாம் சேர்ந்து 800. உலக சுகாதார நிறுவனத்தின் பெயரும், “இந்த ஆய்வின் முடிவுகள் காட்டுவது என்னவென்றால்” போன்ற தொடர்களும் அவற்றில் அடக்கம்.

பெரிய பங்கு 4,400 சொற்கள், 11 சதவீதம். அது அவருடைய சொந்தக் கட்டுரைகளோடு ஒத்துப்போனது. ஏட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்று பல்கலைக்கழகமே கேட்கிறது. வெளியிட்டால் அதே பத்திகள் ஏட்டிலும் இருக்கும். இதைத் திருட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இது தானாகவே கழிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2018 விதிகளின் விலக்குப் பட்டியலில் சொந்தக் கட்டுரை இல்லை. சொந்த எழுத்தையே சொல்லாமல் மறுபடி பயன்படுத்துவது ஏற்கத்தக்கதல்ல என்று மானியக் குழு 2020இல் தனி அறிவிப்பும் விட்டது. ஆகவே அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே, இதன் பகுதிகள் இன்ன இதழில் இன்ன ஆண்டில் வெளிவந்தவை என்று ஒரு வரி வேண்டும். வழிகாட்டியின் சான்றும் வேண்டும். ஒத்துப்போவதாக மென்பொருள் காட்டும் அந்தக் கட்டுரைகளை, அதாவது ஆதாரங்களை, அறிக்கையிலிருந்து விலக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம். இதழின் பக்கத்தை விலக்கினால், அதே கட்டுரையின் இன்னொரு பிரதி வேறொரு தளத்தில் இருப்பதாகக் காட்டி நிறம் அங்கேயே நிற்கும். ஒரே பத்திக்கு அடியில் ஆதாரங்கள் அடுக்கடுக்காக இருக்கும். மேலே இருப்பதை எடுத்தால் அடுத்தது எட்டிப் பார்க்கும். எல்லாம் ஒரே கட்டுரையின் பிரதிகள்தானா என்று திறந்து பார்த்து ஒவ்வொன்றாக விலக்க வேண்டும்.

இதுவரை 19 சதவீதம். மீதி 4 சதவீதம், 1,600 சொற்கள். இந்த இடத்தில் பலரும் அறிக்கையை மூடிவிடுவார்கள். பத்துக்குள் வந்துவிட்டதே!

மீதியில் பாதி, 800 சொற்கள், ஆய்வுமுறை அத்தியாயத்தில். தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் பகுதியைப் பார்த்தேன். மாதிரி நீரில் தாங்கல் கரைசலைச் சேர்த்து, எரியோக்ரோம் பிளாக் டி சுட்டியைப் போட்டு, ஒயின் சிவப்பு நீலமாக மாறும் வரை இடிடிஏ கரைசலைச் சொட்டவிட வேண்டும் என்று இருந்தது. நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் எல்லாம் இதைத்தான் செய்கின்றன. சிவப்பு நீலமாக மாறுவதை வேறு எத்தனை விதமாக எழுத முடியும்? ஒப்புமையைக் குறைக்கிறேன் என்று சிலர் இந்த இடத்தில் சொற்களை மாற்றி, செய்முறையையே தப்பாக்கிவிடுவார்கள். ‘தாங்கல் கரைசல்’ இருந்த இடத்தில் ‘பாதுகாப்புத் திரவம்’ வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். முறையை எந்தக் கையேட்டிலிருந்து எடுத்தோம் என்று பெயர் சொன்னால் போதும், நிறம் இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்றை மட்டும் சரிபார்க்க வேண்டும். மாதிரி எடுத்த கிணறுகளின் எண்ணிக்கை, மாதம், பாட்டிலின் கொள்ளளவு ஆகியவையும் நிறத்துக்குள் வந்திருந்தால் அது செய்முறையின் பொதுமொழி அல்ல. இன்னொருவர் செய்த வேலையின் விவரம். இவருடைய ஏட்டில் அந்த எண்கள் நிறமில்லாமல் இருந்தன. நல்லது.

மிச்சம் 800 சொற்கள். அதில் 620 சொற்கள் முன்னாய்வுகள் பற்றிய அத்தியாயத்தில் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இருந்தன, ஏறத்தாழ மூன்று பக்கம். மொத்த ஏட்டில் அது 1.55 சதவீதம்தான். ஆதாரப் பட்டியலில் பல வரிகள் தள்ளிக் கீழே, ஒரு கோப்புப் பகிரும் தளத்தின் பெயரில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. அந்தப் பெயரை நம்பி அங்கிருந்துதான் எடுத்தார் என்று முடிவு கட்டக் கூடாது. மென்பொருள் காட்டுவது ஒத்துப்போகும் ஓர் இடத்தை, எடுத்த இடத்தை அல்ல. அடியில் இருந்த ஆதாரங்களைத் திறந்தபோது இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் உள்ள பழைய ஆய்வேடு ஒன்று தெரிந்தது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து எடுத்திருக்கலாம். சில சமயம் நம் ஏட்டிலிருந்தே மற்றவர் எடுத்திருப்பதும் உண்டு. தேதியைப் பார்த்தால்தான் தெரியும். இங்கே அந்த ஏடு ஆறு ஆண்டுகள் முந்தையது.

நிறம் விழுந்த பகுதியைச் சொல் சொல்லாகப் படித்தேன். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் ஒழுங்காக இருந்தன. “பேர் போட்டிருக்கேனே” என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் ஒன்பது பேரும் பழைய ஏட்டில் வந்த அதே வரிசையில் வந்தார்கள். அந்த ஒன்பதில் மூவர் இவருடைய துணைநூற்பட்டியலில் இல்லவே இல்லை. ஒருவருடைய ஆண்டு பழைய ஏட்டில் தப்பாக அச்சாகியிருந்தது, இங்கேயும் அதே தப்பு. பெயர் போட்டவர்களின் கட்டுரைகளை இவர் படிக்கவில்லை, அவற்றைப் படித்து எழுதியவரின் பத்தியைத்தான் எடுத்திருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அந்த ஏட்டை எழுதியவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

இதைக் காட்டியபோது அவர் சண்டை போடவில்லை. முதல் வருடம் நோட்டில் குறிப்பெடுத்தபோது எது அந்த ஏட்டின் வரி, எது தன் வரி என்று குறிக்காமல் விட்டதாகவும், நான்கு வருடம் கழித்துத் தட்டச்சு செய்தபோது எல்லாம் தன் குறிப்பு என்றே நினைத்ததாகவும் சொன்னார். நான் நம்புகிறேன். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் நம்புவதால் அந்த மூன்று பக்கம் அவருடையதாகிவிடாது.

1.55 என்ற எண் எவ்வளவு ஏமாற்றும் என்று இங்கே பாருங்கள். அதே 620 சொற்கள் 6,200 சொற்கள் கொண்ட அந்த அத்தியாயத்தில் 10 சதவீதம். 2,000 சொற்களில் ஒரு கட்டுரையாக அனுப்பியிருந்தால் 31 சதவீதம். எடுத்தது ஒன்றுதான், வகுக்கும் எண் பெரிதானால் விடை சிறுத்துவிடுகிறது. ஆகவே நான் அத்தியாயம் அத்தியாயமாகவும் கணக்குப் பார்ப்பேன். முடிவுகள், விவாதம், சுருக்கம் இருக்கும் பக்கங்களை முதலில் திறப்பேன். ஆய்வின் சுருக்கம், கருதுகோள், கண்டவை, முடிவுகள், பரிந்துரைகள் ஆகியவற்றில் ஒப்புமையே இருக்கக் கூடாது என்று 2018 விதிகளின் குறிப்பும் சொல்கிறது. அங்கே நாற்பது சொற்களுக்கு நிறம் விழுந்தாலும் நிறுத்திப் படிக்க வேண்டும்.

இனி அந்த 14 சொல் விலக்கு. விதியில் இருப்பதால் பல இடங்களில் முதலிலேயே வடிகட்டியில் 14 என்று போட்டுவிட்டுத்தான் அறிக்கையைத் திறக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய குறை உண்டு. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: “ஆழ்துளைக் கிணறுகளின் எண்ணிக்கை பெருகியதால் நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுதோறும் தாழ்ந்து வருகிறது, கடலோர வட்டங்களில் உப்புநீர் உட்புகுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.” இதை ஒருவர் இப்படி மாற்றுகிறார்: “ஆழ்துளைக் கிணறுகள் அதிகரித்ததால் நிலத்தடி நீர்மட்டம் ஒவ்வோர் ஆண்டும் தாழ்ந்து வருகிறது, கரையோர வட்டங்களில் உப்புநீர் உட்புகுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.” எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, மேலே நான்கு இடங்களில் மட்டும் சொற்கள் வேறு. தொடர்ச்சியாக ஒத்துப்போவது அதிகபட்சம் நான்கு சொற்கள். 14 என்ற வடிகட்டி இருந்தால் இப்படி எழுதிய பக்கங்கள் நிறமில்லாமல் வெள்ளையாகத் தெரிய வாய்ப்பு அதிகம். திருடி மாற்றி எழுதியதை மறைக்க இதைவிட வசதியான திரை இல்லை.

ஆகவே முதல் பார்வை வடிகட்டி எதுவும் இல்லாமல் இருக்கட்டும். அப்போது கண் தேட வேண்டியது நிறத்தில் உள்ள ஓட்டைகளை. மூன்று சொல்லுக்கு நிறம், ஒரு சொல் வெள்ளை, மறுபடி நான்கு சொல்லுக்கு நிறம், மறுபடி வெள்ளை, எல்லாம் ஒரே ஆதாரத்தின் நிறம் என்றால், சொல் மாற்றி எழுதிய பத்தி அது. ஒரு பத்தியில் பத்து ஆதாரங்களின் பத்து நிறங்கள் சிதறியிருந்தால் பெரும்பாலும் அது துறையின் பொதுமொழி. முழுப் பத்தியும் ஓட்டையே இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால், மேற்கோள் குறி போட மறந்ததாகவும் இருக்கலாம். இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகு 14ஐப் போட்டு விதிக்கான எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதிய ஏடுகளுக்கு இந்த 14 இன்னும் பொருந்தாது. மேலே தந்த முதல் வாக்கியம் தமிழில் 16 சொற்கள். ஆங்கிலத்தில் அதே செய்தி ஏறத்தாழ முப்பது சொற்களுக்குப் போகும். ‘வீட்டிலிருந்து’ என்பது நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு மூன்று. ஆகவே தமிழ் ஏட்டில் 14 சொல் வரை விடலாம் என்றால் முழு வாக்கியங்களையே விடலாம் என்று ஆகிறது. அதோடு சேர்த்து எழுதுவது, பிரித்து எழுதுவது என்ற சிக்கல் வேறு. ‘செய்துகொண்டிருந்தார்’ என்று மூலத்தில் இருப்பதைச் ‘செய்து கொண்டு இருந்தார்’ என்று இடைவெளி விட்டாலே சொல் கணக்கும் மாறும், ஒப்புமையும் அறுபடும். தமிழ் ஏட்டுக்கு நான் ஏழெட்டுச் சொல்லிலேயே நின்று பார்ப்பேன். இது என் அனுபவத்தில் வைத்துக்கொண்ட அளவு, விதி அல்ல.

எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கும். இலக்கிய ஏடுகளில் பாடல்கள் நிறைய வரும். மேற்கோள் குறி இல்லாமல், உள்தள்ளி எழுதுவதுதான் நம் வழக்கம். குறி இல்லாததால் மேற்கோளை விலக்கும் வடிகட்டிக்கு அது மேற்கோள் என்றே தெரியாது. நீண்ட அகவற்பாக்கள் எல்லாம் நிறம் பூசிக்கொண்டு நிற்கும். அந்த ஒப்புமை எதையும் சொல்லவில்லை, பாட்டு அப்படித்தானே இருக்க வேண்டும்! பாட்டுக்குக் கீழே ஆய்வாளரின் விளக்கம் போல வரும் உரைநடையில் நிறம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இணையத்தில் கிடைக்கும் தெளிவுரையைத் தன் விளக்கமாக எழுதியிருந்தால் அங்கே தெரியும். பாட்டு பொதுச்சொத்து, உரை ஒருவருடைய உழைப்பு.

எண் மிகக் குறைவாக வந்தாலும் நிம்மதி அடையக் கூடாது என்பதற்கும் தமிழ் ஏடுகளில்தான் நல்ல உதாரணம் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பில் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே `mk;kh` என்றுதான் பதிவாகியிருக்கும். மென்பொருள் படிப்பது உள்ளே இருப்பதை. கிடங்கில் யூனிகோடில் ‘அம்மா’ இருந்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. அப்படிப்பட்ட ஏட்டுக்குப் பூஜ்யமோ ஒன்றோ வரும், வழிகாட்டி பாராட்டுவார். ஸ்கேன் செய்து படமாகப் போட்ட பக்கங்களிலும் இதே கதை. அறிக்கையைத் திறந்ததும் அது காட்டும் மொத்தச் சொல் எண்ணிக்கையையும், ஒரு பக்கத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் தமிழாக வருகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். 250 பக்க ஏட்டுக்கு 6,000 சொற்கள் என்று காட்டினால், பெரும்பகுதியை மென்பொருள் படிக்கவே இல்லை. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்துத் தன் பெயரில் எழுதியதையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் இந்த முறை பிடிக்காது. துறை தெரிந்த ஒருவர் படித்தால்தான் அது தெரியவரும்.

அந்த நீர்த்தர ஏட்டின் அறிக்கையோடு நான் ஒரு பக்கக் குறிப்பை இணைத்தேன். விலக்கிய ஒவ்வொரு ஆதாரத்துக்கும் பக்க எண்ணும் காரணமும், அவருடைய இரண்டு கட்டுரைகளின் இதழ் விவரமும், ஆய்வுமுறைப் பகுதியை ஏன் அப்படியே விட்டோம் என்பதும், திருத்த வேண்டிய மூன்று பக்கங்களின் எண்ணும் அதில் இருந்தன. சதவீதத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால், பின்னால் யாராவது கேள்வி கேட்டபோது யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

ஐந்து வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். பழைய ஏட்டின் பெயரைச் சொல்லி அதன் கருத்தை இரண்டு வாக்கியத்தில் தந்துவிட்டு, மற்றதை மூலக் கட்டுரைகளைப் படித்துத் தானே எழுதியிருந்தார். வடிகட்டி இல்லாமல் எடுத்த எண் 23லிருந்து 21 ஆகியிருந்தது, அவ்வளவுதான் குறைந்தது. பட்டியலில் இல்லாத மூவரில் இருவருடைய கட்டுரைகளைத் தேடிப் பிடித்துப் படித்திருந்தார், ஆண்டும் சரியாகியிருந்தது. மூன்றாவது கட்டுரை எங்கேயும் கிடைக்கவில்லை என்றார். அந்த வரியை ஏட்டிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்.